குளியலறைத் தரை: டைலுக்கு முன்னால் வாட்டம்

பழைய தரையைப் பெயர்ப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரமாகச் சாய்த்து ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பெரும்பகுதி வடிகாலுக்குள் போய்விட்டது. ஆனால் இரண்டு இடங்களில் தண்ணீர் அசையாமல் நின்றது: ஒன்று, கதவுக்கு உள்பக்கம் நாம் முதல் காலை வைக்கும் இடம், மற்றொன்று, வடிகாலை ஒட்டியே அதன் மூடியைச் சுற்றி வளையமாக. முதல் தேக்கத்தில் ஒரு நாணயத்தைப் போட்டேன். அது முழுதாக மூழ்கியது, அதாவது ஏறத்தாழ 2 மி.மீ. ஆழம். குளித்து முடித்து வெளியே வரும்போதெல்லாம் கால் இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் அந்த 2 மி.மீ. சோப்புத் தண்ணீர்தான்.

அந்தத் தரையில் போட்டிருந்தவை 600 மி.மீ. சதுர டைல்கள். அவற்றின் பெட்டியில் வழுக்காதவை என்று அச்சிட்டிருந்தது. கையால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தன. எனவே டைலை மட்டும் மாற்றினால் போதும் என்றே முதலில் நினைத்தேன். பெயர்த்துப் பார்த்தபோதுதான், டைலின் அளவும் தரையின் வாட்டமும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் என்பதும், முன்பு வேலை செய்தவர் அவற்றைத் தனித்தனியாக முடிவு செய்திருந்தார் என்பதும் புரிந்தன. அடியில் இருந்த சிமெண்ட் தளத்தில் நான்கு பக்கமிருந்தும் வடிகாலை நோக்கி ஒழுங்கான வாட்டம் இருந்தது. ஆனால் நான்கு சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் மடிப்புக் கோடுகளின் மேல் 600 மி.மீ. டைல் உட்கார்ந்தால் அது மடியாது. மடிப்பின் இரு பக்கமும் 80க்கு 1 என்று, அதாவது 80 மி.மீ. தொலைவுக்கு 1 மி.மீ. இறங்கும்படி, சரிவு இருந்தால், அதன் குறுக்கே கிடக்கும் அந்த டைலின் நடுவில் அடிப்புறம் 3.75 மி.மீ. இடைவெளி விழும். அதை நிரப்பிச் சமன்செய்யப் பசையைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்தார்கள். கீழே இருந்த வாட்டம் மேலே வரும்போது கரைந்து போயிருந்தது.

புதிய தரைக்கு டைல் பார்க்கும் முன் தாளில் மட்டங்களை வரைந்தேன். அறையின் நீளம் 2000 மி.மீ., அகலம் 1400 மி.மீ. கதவு ஒரு குட்டைச் சுவரில் இருக்கிறது. வடிகால் அதற்கு எதிர்க்கோடியில் வலது மூலையில், அதன் மையம் இரு சுவர்களிலிருந்தும் 200 மி.மீ. தள்ளி இருக்கிறது. வடிகால் அறையின் நடுவில் இருந்தால் நான்கு சரிவுகள் தவிர்க்க முடியாதவை; அங்கே சிறிய டைலோ மொசைக்கோதான் பொருந்தும். மூலையில் இருந்தால் வேறொரு வழி உண்டு. தரை முழுவதையும் ஒரே பலகைபோல எண்ணிக்கொண்டு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அந்த மூலையை நோக்கிச் சாய்த்துவிடலாம். பலகைக்குள் மடிப்பே வராது. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

எவ்வளவு சாய்ப்பது என்பதில் 100க்கு 1 போதும் என்று பலர் சொல்வார்கள். வழவழப்பான டைலுக்கு அது ஒருவேளை போதலாம். சொரசொரப்பான டைல் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும்; அதோடு டைல்கள் கையால் பதிக்கப்படுபவை, ஒன்றிரண்டு இடத்தில் அரை மி.மீ. ஏறி இறங்கத்தான் செய்யும். இரண்டுக்கும் சேர்த்து இடம்விட்டு 80க்கு 1 என்று வைத்தேன். இரு திசையிலும் 80க்கு 1 என்றால், மூலைவிட்டமாகப் பார்க்கையில் அது 57க்கு 1 அளவுக்குச் செங்குத்தாகிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்கு மேல் தரை முழுவதையும் சாய்த்தால் நிற்கும்போதே காலுக்குத் தெரியும்; ஸ்டூல் ஆடும்.

வடிகாலின் மையத்திலிருந்து நீளவாக்கில் 1800 மி.மீ. இருக்கிறது, அதற்கு 22.5 மி.மீ. உயரம். அகலவாக்கில் 1200 மி.மீ. இருக்கிறது, அதற்கு 15 மி.மீ. இரண்டையும் கூட்டினால், வடிகாலுக்கு மிகத் தொலைவான கதவோர இடது மூலை 37.5 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே எளிதில் விட்டுப்போகும் ஒரு சங்கதி உண்டு. பலகையை அப்படியே சுவர்வரை நீட்டினால், வடிகாலுக்குப் பின்னால் இருக்கும் 200 மி.மீ. பட்டை வடிகாலைவிடத் தாழ்ந்துபோகும். தண்ணீர் வடிகாலைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நிற்கும். ஆகவே அந்த இரண்டு சுவரோரப் பட்டைகளையும் எதிர்த்திசையில் 2.5 மி.மீ. உயர்த்த வேண்டும். அப்போது இரண்டு மடிப்புகள் வருகின்றன. இரண்டும் வடிகாலின் மையக்கோட்டில் நேராக ஓடுகின்றன. அங்கேயே டைலின் இணைப்புக் கோட்டையும் வைத்துவிட்டால் எந்த டைலும் மடிப்பின் மேல் உட்கார வேண்டியதில்லை.

அதை வைத்தே டைலின் அளவு முடிவானது. 300 மி.மீ. டைலும் 3 மி.மீ. இணைப்பும் வைத்தால், மையக்கோட்டிலிருந்து நீளவாக்கில் ஐந்து முழு டைல்களும் 285 மி.மீ. துண்டு ஒன்றும், அகலவாக்கில் மூன்று முழு டைல்களும் 291 மி.மீ. துண்டு ஒன்றும் வருகின்றன. சுவரோரப் பட்டைகளுக்கு 200 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான துண்டுகள். மெல்லிய கீற்றாக எங்கும் வெட்ட வேண்டியதில்லை. 600 மி.மீ. டைலையும் இந்தப் பலகையில் போட்டிருக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பெரிய டைலில் வில்போன்ற வளைவு கூடுதலாக இருக்கும். இணைப்புக் கோடுகள் குறைவதால் காலுக்குக் கிடைக்கும் பிடிப்பும் குறையும்.

அடுத்தது வழுக்காமை. பெட்டிகளில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை பாதியாகக் குறைந்தது. சாய்க்கக்கூடிய ஒரு மேடையில் டைலைப் பதித்து, அதன்மேல் எண்ணெய் தடவி, காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, அவர் வழுக்கத் தொடங்கும் கோணம்வரை மேடையைச் சாய்ப்பார்கள். டின் 51130 என்ற ஜெர்மன் தரமுறையில் வகுக்கப்பட்ட சோதனை இது. 10 முதல் 19 பாகைவரை தாங்கினால் ஆர் 10. 19 முதல் 27 வரை என்றால் ஆர் 11. பட்டறைக்கும் உணவக அடுக்களைக்கும் பொருத்தமான சோதனைதான். வெறுங்காலும் சோப்புத் தண்ணீரும் சேரும் இடத்துக்கு டின் 51097 என்ற தரமுறையில் வகுக்கப்பட்ட வேறொரு சோதனை இருக்கிறது. அங்கே நடப்பவர் வெறுங்காலுடன் சோப்புக் கரைசல் ஓடும் மேடையில் நடக்கிறார். முடிவு எழுத்தாக வருகிறது. ஏ வகுப்புக்குக் குறைந்தது 12 பாகை, பி வகுப்புக்கு 18, சி வகுப்புக்கு 24. உடை மாற்றும் அறை போன்று பெரும்பாலும் உலர்ந்திருக்கும் இடங்களுக்கு ஏ போதும். ஷவரின் கீழ் பி வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு போன்றவற்றுக்கு சி.

எனக்கு வேண்டியது பி. சி வகுப்பு டைலை வாங்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். வாங்கவில்லை, காரணம் அழுக்கு. சொரசொரப்பு கூடக்கூடத் துடைப்பது கடினமாகும். சோப்புப் படலம் பள்ளங்களில் தங்கி இறுகினால், காகிதத்தில் சி என்றிருக்கும் டைல் காலுக்கு ஏ ஆகிவிடும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவோம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அவ்வளவு சொரசொரப்பான டைலை வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பெழுத்து குறிப்பிடப்பட்ட மூன்று மாதிரிகளை எடுத்து வந்து வீட்டிலேயே பார்த்தேன். உலர்ந்த டைலைக் கையால் தடவிப் பார்ப்பது ஒன்றையும் சொல்லாது. உலர்ந்திருக்கையில் பளபளக்கும் டைல்கூட நன்றாகவே பிடிக்கும். ஆகவே மாதிரிகளை அசையாமல் தரையில் பொருத்தி, சோப்புக் கரைசலை ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிகாலை அதன்மேல் அழுத்தி முன்னோக்கித் தள்ளினேன். ஒரு மாதிரியில் கூழாங்கல் போன்ற புடைப்புகள் இருந்தன. பார்ப்பதற்கு அதுதான் மிகச் சொரசொரப்பு. ஆனால் ஒவ்வொரு புடைப்பின் தலையும் கண்ணாடிப் பூச்சால் வழவழத்ததால் குதிகால் சறுக்கிக்கொண்டு போயிற்று. மெல்லிய மணல்தாள் போன்ற மற்றொரு மாதிரியில் கால் நின்றுவிட்டது. பாதத்துக்கும் டைலுக்கும் இடையில் இருக்கும் தண்ணீர்ப் படலத்தைக் கிழிப்பது அந்த நுண்ணிய முனைகள்தான். பிறகு பென்சிலால் கிறுக்கி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், கறை போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் அதையும் விட்டிருப்பேன். இரண்டு டைல்களை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஆடினால் நடுவில் புடைத்திருக்கிறது என்று பொருள்.

இனி மட்டம். அறைக்கு வெளியே உள்ள தரையிலிருந்து சரியாக 1000 மி.மீ. உயரத்தில், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல் கொண்டு நான்கு சுவரிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் இந்தக் கோடே பொய்யாகிவிடும். ஆகவே தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து கோடு கோட்டில் சேர்கிறதா என்று பார்த்தேன். பெயர்த்தபின் அடித்தளம் வெளித்தரையைவிட 100 மி.மீ. தாழ்ந்திருந்தது. வடிகாலின் ஓரத்தில் சாந்துத் தளம் 30 மி.மீ., நீர்த்தடைப் பூச்சு 2, பசை 5, டைல் 9 என்று கூட்டினால் 46 மி.மீ. ஆகவே அங்கே டைலின் மேல்முகம் கோட்டிலிருந்து 1054 மி.மீ. கீழே வரும். கதவோர இடது மூலையில் 1016.5 மி.மீ. கீழே, வெளித்தரையைவிட 16.5 மி.மீ. தாழ்வு மிச்சமிருக்கிறது. இந்தக் கூட்டலை முதலில் செய்யாவிட்டால், கடைசியில் கதவருகே உயரம் போதாமல் வாட்டத்தைக் குறைக்க வேண்டிவரும். 

இதற்கு ஒரு விலையும் உண்டு. கதவின் அகலம் முழுவதும் தரை மட்டமாக இல்லாமல், ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் 10 மி.மீ. தாழ்ந்திருக்கும். கதவடியில் மட்டமாகப் பதித்த ஒரு கல் அதை மறைக்கிறது. உற்றுப் பார்ப்பவருக்குக் கல்லின் கீழே உள்ள இணைப்பு ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருப்பது தெரியும்.

அடித்தளத்தை நனைத்து, சிமெண்ட் பால் பூசி, அது காய்வதற்குள் 1 பங்கு சிமெண்டும் 4 பங்கு மணலுமாகக் குறைந்த ஈரத்தில் பிசைந்த சாந்தை இட்டோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. மூலைகளிலும் மடிப்புக் கோடுகளிலும் உடைந்த டைல் துண்டுகளைச் சாந்தில் பதித்து, சுவர்க்கோட்டிலிருந்து அளந்து தட்டித்தட்டி உயரம் அமைத்தோம். இது தளத்தின் உயரம் என்பதால், டைலின் அளவுகளோடு 16 மி.மீ. கூட்டி 1070, 1032.5 என்று அளக்க வேண்டும். பிறகு துண்டுக்குத் துண்டு மட்டப்பலகையை ஓடவிட்டு மிகுதியை வழித்தோம். சரிபார்க்க ஒரு எளிய உத்தி: 1200 மி.மீ. நீளமுள்ள ரசமட்டத்தின் ஒரு முனையின் அடியில் 15 மி.மீ. தடிமனுள்ள மரத்துண்டை நாடாவால் ஒட்டிவிட்டு, அந்த முனையை வடிகால் பக்கமாக வைத்தால், குமிழி நடுவில் நிற்கும் இடமெல்லாம் 80க்கு 1. ஒவ்வொரு இடத்திலும் கணக்குப் போட வேண்டியதில்லை.

கூட வேலை செய்த கொத்தனார் ஒரே பார்வையிலேயே, “நடுவுல ஒரு இடம் உக்காந்திருக்குங்க” என்றார். ரசமட்டம் எனக்கு அப்படிக் காட்டவில்லை. மறுநாள், தளம் இறுகியபின் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டை அவர் சொன்ன இடத்திலேயே நின்றது. 1200 மி.மீ. ரசமட்டம் சிறு பள்ளங்களின் மேல் பாலம்போலக் கிடந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தைப் பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பினோம். டைல் போடும்போது பசையால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தால், தடிமனாகிய பசை காய்கையில் சுருங்கி டைலையும் கீழே இழுத்திருக்கும். தளத்தின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையை எதற்காகவும் தவிர்க்கக் கூடாது. அதன்பின் திருத்துவது ஒவ்வொரு படியிலும் கடினமாகிறது.

நீர்த்தடைப் பூச்சு இந்தச் சாய்ந்த தளத்தின் மேல்தான் வர வேண்டும். அடியில் மட்டமாக இருக்கும் அடித்தளத்தில் பூசிவிட்டு மேலே வாட்டம் கொடுத்தால், இணைப்புகள் வழியே இறங்கும் தண்ணீர் சாந்துக்குள்ளேயே தேங்கும். சில மாதங்களில் இணைப்புகளில் வெள்ளை உப்பு பூக்கும். ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பூச்சுகள் பூசி, வடிகாலின் விளிம்புக்குள்ளும் சுவரின் மீதும் கதவடிக் கரையின் மீதும் ஏற்றினேன். பின்னர் வடிகாலை அடைத்து, வெளித்தரைக்கு 20 மி.மீ. கீழே வரை தண்ணீர் நிரப்பினேன். வடிகாலின் அருகே ஆழம் 48 மி.மீ., உயரமான மூலையில் 10.5. சுவரில் பென்சில் குறி; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரிலும் குறி. 24 மணி நேரத்தில் வாளியில் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே தரையிலும் இறங்கியிருந்தால் அது ஆவியானது, கசிந்ததல்ல.

டைல் பதிப்பதை வடிகாலிலிருந்து தொடங்கினோம். பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் சீவி, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, அழுத்தினோம். மூன்றாவது டைலைத் திரும்பத் தூக்கிப் பார்த்தபோது ஒரு மூலையில் பசை ஒட்டாமல் வெறிச்சோடியிருந்தது. ஈரமான இடத்தில் முதுகின் 95 விழுக்காட்டிலாவது பசை பிடித்திருக்க வேண்டும். கரண்டியைச் சற்றே நிமிர்த்திப் பிடித்ததும் சரியாயிற்று.

இந்த வேலையில் நான் மிகக் கவனமாகப் பார்த்தது இணைப்பில் வரும் ஏற்ற இறக்கம். 80க்கு 1 வாட்டத்தில், வடிகால் பக்கத்து டைல் மேல்பக்கத்து டைலைவிட 1 மி.மீ. உயர்ந்து நின்றால், அதன் பின்னால் 80 மி.மீ. நீளத்துக்குத் தண்ணீர் தேங்கும். ஒரு சிறு அணை. அதே 1 மி.மீ. எதிர்ப்பக்கமாக இருந்தால், அதாவது வடிகால் பக்கத்து டைல் தாழ்ந்திருந்தால், தண்ணீருக்குத் தடையில்லை. ஆகவே எல்லாம் சமமாக வராத இடத்தில் எந்தப் பக்கம் தவறுவது என்பதையாவது நாம் தேர்ந்தெடுக்கலாம். வடிகாலின் மூடியையும் இதே காரணத்தால் டைலைவிட 2 மி.மீ. தாழ்த்தி வைத்தேன், பழைய மூடி டைலைவிட உயர்ந்திருந்ததால்தான் அதைச் சுற்றித் தண்ணீர் வளையமாக நின்றது.

இணைப்புகளுக்கு எபாக்சி கிரவுட். தரையும் சுவரும் சேரும் மூலைகளுக்கு மட்டும் கிரவுட் இல்லாமல் நெகிழும் சிலிகான். எபாக்சியில் ஒரு தவறு செய்தேன். வழவழப்பான டைலில் துடைப்பது போல நிதானமாகத் துடைத்துக்கொண்டு போனதில், நான்கு டைல்களின் மேல் மெல்லிய படலம் காய்ந்து ஒட்டிவிட்டது. கண்ணுக்குச் சற்றுப் பளபளப்பு, அவ்வளவுதான். ஆனால் ஈரத்தில் கால் வைத்தபோது மற்ற டைல்களில் நின்ற பாதம் அந்த நான்கிலும் சறுக்கியது. நுண்ணிய பள்ளங்களைப் படலம் அடைத்துவிட்டிருந்தது. அதே கிரவுட்டுக்கு உரிய நீக்கியைத் தடவி, நைலான் பிரஷ்ஷால் இரண்டு முறை தேய்த்த பிறகே பிடிப்பு திரும்பியது. சொரசொரப்பான டைலில் ஒரே மூச்சில் அரை சதுர மீட்டருக்கு மேல் கிரவுட் பூசாமல், உடனுக்குடன் சுத்தமான தண்ணீரால் துடைத்திருக்க வேண்டும்.

சிலிகான் இறுகியபின் அதே வாளியை அதே கதவோரத்தில் சாய்த்தேன். ஓட்டம் முதலில் வலதுபக்க மடிப்புக் கோட்டுக்கு வந்து, அதைப் பிடித்துக்கொண்டு வடிகாலுக்குப் போனது. பத்து நிமிடத்துக்குப் பிறகு தரையில் ஈரம் மட்டும் இருந்தது. இந்த ஈரப்படலம் எந்த வாட்டத்திலும் போகாது. அதற்குத்தான் பி வகுப்பு. ஒரே ஓர் இடத்தில், இடது சுவரை ஒட்டிய வெட்டுத்துண்டு ஒன்றின் ஓரத்தில், விரல் நீளத்துக்கு மெல்லிய தேக்கம் நின்றது. நாணயத்தின் விளிம்பைக்கூட அது மூடவில்லை. அந்தத் துண்டின் வளைவு அது. அதற்காக மறுபடி பெயர்க்கவில்லை.

ஆறு வாரங்களில் ஷவரின் கீழுள்ள டைல்கள் மங்கலாயின, குதிகால் சோதனையில் பிடிப்பும் குறைந்திருந்தது. எண்ணெய்ப் பசையை நீக்கும் காரத்தன்மையுள்ள திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் பழைய பிடிப்பு வந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அப்படிச் செய்கிறோம். வடிகாலுக்குப் பின்னால் உள்ள அந்த 200 மி.மீ. பட்டையில் மட்டும் அழுக்கு வேகமாகச் சேர்வதால், அங்கே வாராவாரம்.